சேகருக்கு, கயலின் மதிப்பெண் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் மெயில் நேற்று ராத்திரி வந்தது, கயலின் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ரிப்போர்ட்டையும் பார்த்தேன். முட்டிவலி இப்போது தேவலை, படியேறும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. கோச்சிங் வகுப்புகள் வழக்கம்போல ஓடுகின்றன. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். “ஓவரால் 7 வாங்கியிருக்கிறாள், பல்கலைக்கழகம் 6.5தான் கேட்கிறது, பிறகு ஏன் ஆஃபர் இன்னும் கண்டிஷனலாகவே நிற்கிறது, ஏதாவது தப்பு நடந்திருக்கிறதா” என்று கேட்டிருந்தாய். தப்பு ஒன்றும் இல்லைடா. அந்தத் தாளில் மேலே இருக்கும் நான்கு எண்களைத் தாண்டிப் போய் நீ கடைசி எண்ணை மட்டும் படித்திருக்கிறாய்.

அவளுடைய நான்கையும் எழுதிப் பார். லிஸனிங் 8, ரீடிங் 7.5, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5. கூட்டினால் 27.5, நான்கால் வகுத்தால் 6.875. ஓவரால் பேண்ட் அரை அரையாகத்தான் போகும், அதனால் பக்கத்திலிருக்கும் அரைக்கு ரவுண்ட் பண்ணிவிடுவார்கள். சரியாக நடுவில் நின்றால், அதாவது .25 அல்லது .75 வந்தால், மேலே தள்ளுவார்கள். 6.25 வந்தால் 6.5, 6.75 வந்தால் 7, ஆனால் 6.125 என்றால் 6தான். கயலின் 6.875 இப்படித்தான் 7 ஆனது. பக்கத்தில் சி1 என்று போட்டிருக்கிறதே, அது ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஓவரால் 7 எந்தப் படியில் வரும் என்பதற்கான குறிப்பு, தனியாக இன்னொரு தேர்வு மதிப்பெண் இல்லை. நீ அதை உன் மச்சானிடம் பெருமையாகச் சொன்னது நல்லதுதான், ஆனால் அட்மிஷன் ஆபீஸில் அதை வைத்து ஒன்றும் நகராது.

ஏனென்றால் பல்கலைக்கழகம் கேட்பது ஒரு எண் இல்லை. ஆஃபர் லெட்டரில் அந்த வரியை முழுசாகப் படி: ஓவரால் 6.5, எந்தப் பிரிவிலும் 6க்குக் குறையக் கூடாது. நம் பத்தாம் வகுப்பு மாதிரிதான் இது, மொத்தம் நானூறு வாங்கியிருந்தாலும் கணக்கில் 35ஐத் தொடவில்லை என்றால் மார்க் ஷீட்டில் என்ன வரும் என்று உனக்குத் தெரியும் (உனக்கு நன்றாகவே தெரியும்). ரைட்டிங் 5.5 அந்த இரண்டாவது நிபந்தனையில் மாட்டிக்கொண்டது. என்னிடம் படித்த ஒரு பையன் வாங்கியது 6.5, 6.5, 6, 6. கூட்டினால் 25, சராசரி 6.25, ஓவரால் 6.5. கயலை விட எல்லாவற்றிலும் பின்னால்தான், ரைட்டிங்கைத் தவிர. ஆனால் இதே நிபந்தனையில் அவன் உள்ளே போய்விடுவான், அவள் வெளியே நிற்கிறாள்.

இங்கிலாந்தில் பொறியியல், அறிவியல் பக்கம் நிறைய இடங்களில் இந்த 6.5/6 ஜோடியைப் பார்க்கலாம், இம்பீரியல் காலேஜின் வழக்கமான நிபந்தனையும் அதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் சாதாரண நிலைக்கே ஓவரால் 7, ஒவ்வொன்றிலும் 6.5. எழுத்து அதிகம் வேண்டிய படிப்புகளுக்கு அங்கே 7.5, ஒவ்வொன்றிலும் 7. ஒரே பல்கலைக்கழகத்திலேயே துறைக்குத் துறை மாறும், அதனால் பொதுப் பக்கத்தை விட்டுவிட்டு அவள் சேரும் கோர்ஸின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். விசா வேறு கதை. மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்கு நான்கிலும் அதே ஐரோப்பிய அளவுகோலில் பி2 நிலை வேண்டும், ஐஈஎல்டிஎஸ் கணக்கில் அது 5.5. அதனால் விசாவுக்குப் போதும் என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், அதற்காகப் பல்கலைக்கழகம் தன் நிபந்தனையை விடாது.

ரைட்டிங் மட்டும் ஏன் இப்படிக் கீழே போகிறது என்று கேட்டிருந்தாய். லிஸனிங்கிலும் ரீடிங்கிலும் நாற்பது கேள்வி, சரியாக எழுதினால் மதிப்பெண், கிட்டத்தட்ட 30 சரி என்றால் 7. ரைட்டிங்கில் ஆள் உட்கார்ந்து படித்து மதிப்பிடுகிறார், நான்கு விஷயங்களைப் பார்த்து: கேட்டதற்குப் பதில் சொன்னாளா, கருத்து ஒன்றையொன்று தொடர்ந்து போகிறதா, சொல்வளம், இலக்கணம். ரிப்போர்ட்டில் இந்த நான்கையும் பிரித்துக் காட்டமாட்டார்கள், வெறும் 5.5 என்று மட்டும் வரும், அதுதான் எரிச்சல். ஆனால் ஒன்று கேட்டுப் பார். ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத வேண்டும், வரைபடத்தை விவரிப்பது 150 சொல், கட்டுரை 250 சொல், கட்டுரைக்கு மதிப்பு இரண்டு மடங்கு. கயல் மாதிரி நிதானமான பிள்ளைகள் வரைபடத்திலேயே அரை மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு, கட்டுரையைக் கடைசிப் பத்தி இல்லாமல் ஓடி முடிப்பார்கள். அவள் அப்படிச் செய்தாளா என்று கேள். இல்லை என்றால் மனப்பாடம் செய்த முன்னுரையை ஒட்டியிருப்பாள், கேள்வி “எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறாய்” என்று கேட்டிருக்கும், இவள் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டுத் தன் கருத்தைச் சொல்லாமல் விட்டிருப்பாள். என் வகுப்பில் 5.5லேயே நிற்பவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

இப்போது என்ன செய்யலாம் என்றால், மறு மதிப்பீடு கேட்கலாம், தேர்வு நடந்து ஆறு வாரத்துக்குள். பணம் கட்ட வேண்டும், மதிப்பெண் மாறினால் திருப்பித் தருவார்கள். கட்டுரை முடியவே இல்லை என்று அவளே சொன்னால் அதில் காசைப் போடாதே. அவள் கம்ப்யூட்டரில் எழுதியதால் இன்னொரு வழி இருக்கிறது, ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக். முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள், ஒரு முறைதான். மற்ற மூன்று எண்களும் அப்படியே புது ரிப்போர்ட்டில் வந்து உட்காரும். ரைட்டிங் 6 ஆனால் கூட்டல் 28, ஓவரால் அதே 7தான், ஆனால் இப்போது நிபந்தனை நிறைவேறிவிடும். எல்லாப் பல்கலைக்கழகமும் இந்த ரீடேக்கை ஏற்பதில்லை, எனவே பணம் கட்டுவதற்கு முன்னால் அட்மிஷன் ஆபீஸுக்கு அவளையே ஒரு மெயில் போடச் சொல், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கேட்கும்போதே பிரீ-செஷனல் கோர்ஸ் பற்றியும் கேட்கட்டும், அரை பேண்ட் குறைந்தவர்களைச் சில வாரம் முன்னதாகவே வரச் சொல்லி ஆங்கிலம் சொல்லித்தரும் ஏற்பாடு அது. ஆனால் செலவு தனி. ஏஜென்ட் “பழைய தேர்வு லிஸனிங்கையும் புதுத் தேர்வு ரைட்டிங்கையும் சேர்த்துக் காட்டலாம்” என்று சொன்னால் அதையும் அந்த மெயிலிலேயே கேட்டுவிடு. பல இடங்களில் ஒரே ரிப்போர்ட்டில் நான்கும் இருந்தாக வேண்டும்.

அவள் எழுதிப் பழகிய கட்டுரை நான்கைந்து இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தாமல், அவள் எழுதினபடியே. ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு அவளிடமே போனில் பேசுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து நடுநடுவே பேசாதே. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி