ஆயிரம் மடங்கு பயனர்கள் வந்தால் சர்வர் பில்லும் ஆயிரம் மடங்கா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆப் 100 பேரிடமிருந்து ஒரு லட்சம் பேருக்கு வளர்ந்தால் மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இன்றைய பில்லை ஆயிரத்தால் பெருக்காதீர்கள். பில்லில் உள்ள ஒவ்வொரு செலவினமும் ஒவ்வொரு வேகத்தில் வளரும்.

படங்கள் நிறைந்த ஓர் ஆப்பை எடுத்துக்கொள்வோம். பதிவு செய்தவர்களில் பத்தில் ஒருவர் தினமும் திறக்கிறார் என்றால், ஒரு லட்சத்தில் 10,000 பேர். ஒருவர் நாளுக்கு 50 கோரிக்கைகள் அனுப்பினால் மொத்தம் 5 லட்சம். நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 6. கூட்ட நேரத்துக்கு ஐந்து மடங்கு வைத்தாலும் 30தான். ஒரு கோரிக்கைக்கு 50 மில்லிசெகண்ட் சிபியு நேரம் பிடித்தால், ஒன்றரை கோர் வேலை. நான்கு கோர் சர்வர் ஒன்று தாராளமாகத் தாங்கும்; பழுதானால் கைகொடுக்க இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸ் தேடல்கள் சரியான இன்டெக்ஸ் இல்லாமல் ஓடினால் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

செலவு ஏறுவது வேறு இடத்தில். ஒருவர் நாளுக்கு 20 படங்கள் பார்க்கிறார், ஒவ்வொன்றும் 300 கேபி என்றால், தலைக்கு 6 எம்பி. 100 பயனர்கள் இருக்கும்போது தினமும் வருவது 10 பேர். வெளியே போகும் டேட்டா மாதத்துக்கு 1.8 ஜிபி. பெரும்பாலும் இது இலவச வரம்புக்குள் அடங்கிவிடும், பில்லில் தலைகாட்டவே காட்டாது. அதே பழக்கம் ஒரு லட்சத்தில் 1,800 ஜிபி ஆகிறது. இந்த அளவு உண்மையிலேயே ஆயிரம் மடங்கு வளர்கிறது. அதனால்தான் சிறிய பில்லைப் பார்த்துப் பெரிய பில்லை ஊகிக்க முடிவதில்லை.

பட்டியலில் விரல் அளவு தெரியும் படத்துக்கு 300 கேபி தேவையில்லை. பதிவேற்றும்போதே 40 கேபியில் ஒரு சிறு பிரதி செய்து அதை அனுப்பினால், 1,800 ஜிபி 240 ஆகிவிடும். பெரிய சர்வர் வாங்கச் சொல்வதற்கு முன் எல்லோரிடமும் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

சேமிப்பு இடம் இன்னொரு விதம். தினமும் 1,000 பேர் 2 எம்பி படம் ஒன்று ஏற்றினால் மாதம் 60 ஜிபி சேரும், ஆண்டு முடிவில் 720 ஜிபி. புதுப் பயனர்கள் வருவது நின்றாலும் இந்தச் செலவு ஏறிக்கொண்டே போகும். பேக்கப் எடுத்தால் அதற்கும் இடம் வேண்டும்.

மேலே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் ஆப்பின் பழக்கம் வேறாக இருக்கும். ஒரு வாரத்துக்கு, தினமும் வந்தவர்கள் எத்தனை பேர், சர்வர் வெளியே அனுப்பிய டேட்டா எவ்வளவு, புதிதாகச் சேர்ந்த கோப்புகளின் அளவு என்ன என்று குறித்து அனுப்புங்கள். ஆயிரம், பத்தாயிரம், லட்சம் என மூன்று கட்டங்களுக்கும் வரிவரியாக மதிப்பீடு போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
சர்வர் பராமரிப்புக் குழு