மாடுலர் கிச்சன் கட்டடமா, வீட்டுப் பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் காப்பீடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் போன்ற உள்வேலைகளுக்கு வீட்டுப் பொருட்கள் பாலிசியைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கும் யோசனையை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. பொதுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இழப்பீட்டுக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். எங்கள் பக்கத்து முகவர்கள் பலரும் இதையே சொல்லி விற்கிறார்கள். அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள், பணத்தைத் தவறான பெட்டியில் போடுகிறார்கள்.

இன்று பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பொதுவான வீட்டுப் பாலிசி, ‘பாரத் கிருஹ ரக்ஷா’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகத்துடன் 1.4.2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வாசகம் வீட்டை இரண்டாகப் பிரிக்கிறது. தரையிலோ சுவரிலோ கூரையிலோ நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை கட்டடத்தைச் சேர்ந்தவை. அப்படிப் பொருத்தப்படாதவை வீட்டுப் பொருட்கள். விலையோ, அழகுக்கானதா அவசியமானதா என்பதோ, வீடு கட்டி எத்தனை வருடம் கழித்துச் செய்தது என்பதோ இங்கே கணக்கில் இல்லை. திருகாணி எங்கே இறங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த அளவுகோலோடு ஒரு சமையலறைக்குள் நுழைந்து பாருங்கள். கிரானைட் மேடை, அதன்கீழ் சுவரோடு முடுக்கிய பெட்டிகள், மேலே தொங்கும் அலமாரிகள், தொட்டி, குழாய் எல்லாம் கட்டடம். அதே மேடைமேல் இருக்கும் மிக்சி, கிரைண்டர், ஓரத்தில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி ஆகியவை வீட்டுப் பொருட்கள். சிம்னியில்தான் சிக்கல். அதுவும் சுவரில் அடிக்கப்பட்டதுதானே என்று தோன்றும். ஆனால் வீட்டுப் பொருட்களுக்கான விளக்கத்தில், சுவரில் மாட்டியவை உட்பட மின்சாதனங்கள் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். எனவே சிம்னியும், சுவரில் தொங்கும் தொலைக்காட்சியும் வீட்டுப் பொருள் பக்கம் போய்விடுகின்றன. ஃபால்ஸ் சீலிங்கில் இந்தக் குழப்பம் இல்லை. கான்கிரீட் தளத்தில் துளையிட்டு, இரும்புப் பட்டிகளைத் தொங்கவிட்டு, அவற்றில் ஜிப்சம் பலகையை முடுக்குகிறார்கள். அது கட்டடம். அதற்குள் ஓடும் மின்கம்பியும் கட்டடம்.

அலமாரிக்கும் இதே விதிதான். சுவர்க்குழியில் ஆசாரி வந்து செய்து அடித்துவிட்டுப் போனது கட்டடம். கடையில் வாங்கி நிறுத்தியது, எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வீட்டுப் பொருள்.

இது ஏட்டுக் கணக்கல்ல என்பதற்கு என் தங்கை மகன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மன்னார்குடியில் வங்கிக் கடன் வாங்கி மாடி வீடு கட்டினான். உள்ளளவு ஆயிரம் சதுர அடி. கடனோடு சேர்த்து வங்கியே ஒரு பாலிசி போட்டது. அதில் கட்டடத்துக்கு மட்டும், சதுர அடிக்கு 1,800 ரூபாய் வீதம் 18 லட்சம். பாலிசி நகல் அவன் கைக்கு வரவே இல்லை. பிரீமியம் கடனிலேயே சேர்ந்துவிட்டதால் அப்படியொன்று இருக்கிறது என்ற நினைவும் இல்லை. குடிபோன பிறகு 6 லட்சத்துக்கு உள்வேலை செய்தான்: சமையலறைக்கு 3 லட்சம், அலமாரிகளுக்கு 2 லட்சம், ஃபால்ஸ் சீலிங்குக்கு 1 லட்சம். அதற்காக முகவர் ஒருவர் 6 லட்சத்துக்கு வீட்டுப் பொருட்கள் பாலிசியை வேறொரு நிறுவனத்தில் எடுத்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மாடிக் குளியலறைக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போனது. மேல்நிலைத் தொட்டி மொத்தமும் கீழே இறங்கியது. கூடத்து ஜிப்சம் பலகைகள் ஊறி, சோபாவின் மேலும் தொலைக்காட்சியின் மேலும் விழுந்தன. சமையலறையில் அரையடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றதில் கீழ்ப் பெட்டிகள் உப்பிப் பிளந்தன. கூடத்துக் கூரைக்கு 45,000, கீழ்ப் பெட்டிகளுக்கு 1,35,000, சோபா, தொலைக்காட்சிக்கு 70,000 என்று மொத்தம் இரண்டரை லட்சம் கேட்டு, வீட்டுப் பொருட்கள் பாலிசியில் மனுப் போட்டான்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார். சோபாவையும் தொலைக்காட்சியையும் ஒப்புக்கொண்டு, மீதியை நிராகரித்தார். கூரையும் பெட்டிகளும் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை, இந்தப் பாலிசி அவற்றுக்கானது அல்ல என்று ஒரே வரி. மருமகனுக்குக் கோபம், முகவரோ நிறுவனம் ஏமாற்றுகிறது என்று கூடச் சேர்ந்து கத்தினார். நான் படித்துப் பார்த்தவரையில் சர்வேயர் எழுதியது சரி. 6 லட்சத்துக்குப் பிரீமியம் வாங்கிய முகவர், அந்த ஆறு லட்சமும் எதற்கு என்று பாலிசி விண்ணப்பத்தில் எழுதவே இல்லை.

பிறகுதான் வங்கிக்குப் போய் அந்தப் பழைய பாலிசி நகலைக் கேட்டு வாங்கினோம். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தாலும் வழிந்தாலும் உண்டாகும் சேதம் அதில் அடக்கம். ஆனால் அதற்குள் உப்பிய பலகைகளைத் தச்சர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கையில் இருந்தவை புகைப்படங்களும், வேலை வேலையாகப் பிரித்துப் போட்ட பழைய பில்லும்தான். அந்த பில் மட்டும் உள்வேலை மொத்தம் 6 லட்சம் என்று ஒரே வரியில் இருந்திருந்தால் கோப்பு அங்கேயே நின்றிருக்கும்.

வங்கி போட்ட கட்டடப் பாலிசியில் மனுப் போட்டோம். அதற்கு வந்த இரண்டாவது சர்வேயர் அந்தப் புகைப்படங்களைப் பார்த்த விதம் கவனிக்க வேண்டியது. தரையில் தண்ணீர் நின்று உப்பிய பெட்டிகளில் வீக்கம் எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த பெட்டியில் மட்டும் அந்தக் கோட்டுக்கு மேலேயும் உப்பல், மூலையில் கரும்பூஞ்சை, கீல் முழுக்கத் துரு. அது வடிகுழாயில் வெகுநாளாக ஒழுகிய ஒழுகல். அந்த ஒரு பெட்டிக்கான 20,000 ரூபாயைக் கழித்துவிட்டு, 1,60,000 ரூபாயைப் பரிந்துரைத்தார். பார்ட்டிக்கிள் போர்டுக்குப் பதிலாக இனி மரைன் பிளைவுட்டில் செய்துகொள்கிறேன் என்று இவன் கேட்ட கூடுதல் தொகைக்கு இடமில்லை. முன்பு இருந்ததைப் புதிதாகச் செய்து தருவதற்குத்தான் பாலிசி, தரத்தை உயர்த்துவதற்கு அல்ல. பாலிசியில் வங்கியின் பெயர் இருந்ததால் பணமும் வங்கி வழியாகத்தான் வந்தது.

ஃபால்ஸ் சீலிங்கிலும் இதே சோதனை உண்டு. நம் டெல்டா வீடுகளில் தளவிரிசல் வழியாகக் கார்த்திகைதோறும் கசிந்து, ஜிப்சத்தில் பழுப்பு வளையத்துக்குள் வளையமாகக் கறை விழுந்திருக்கும். அது மெல்ல நடந்த கசிவு. எந்தக் கட்டடப் பாலிசியிலும் பணம் கிடைக்காது. கரையானும் அப்படியே. ஒரே நாளில் ஊறிய பலகையில் அந்த வளைய அடுக்கு இருக்காது. புயலிலோ வெள்ளத்திலோ சேதமானால் கட்டடப் பாலிசியில் கேட்கலாம். கஜா வந்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் பறந்தவை ஓடும் தகரமும். இப்போது அந்த ஊர்களிலேயே சிங்கப்பூர்ப் பணமும் வளைகுடாப் பணமும் ஜிப்சமாகத் தொங்குகின்றன.

இனி தொகை விஷயம். உள்வேலை 6 லட்சம் கூடியும் கட்டடக் காப்பீடு 18 லட்சத்திலேயே நின்றதே, அதனால் தொகையைக் குறைத்தார்களா என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். குறைக்கவில்லை. குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் அதே விகிதத்தில் இழப்பீட்டையும் வெட்டும் பழைய விதியை பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் எடுத்துவிட்டார்கள். அதனால் பகுதிச் சேதத்தில் 18 லட்சத்துக்குள் முழுத்தொகையும் கிடைக்கும். வீடு முழுவதும் எரிந்தாலோ இடிந்தாலோதான் அடி விழும். அப்போது திரும்பக் கட்ட 24 லட்சம் ஆகும். கிடைப்பது 18-ஐ ஒட்டி. தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாகக் கூடும் என்பது உண்மை. ஆனால் அது சிமெண்டும் கூலியும் ஏறுவதற்கே சரியாகிவிடும். புதிதாகச் சேர்த்த சமையலறைக்கு அதில் மிச்சம் இராது.

ஆகவே உள்வேலை முடிந்ததும் செய்ய வேண்டியது, கட்டடத்தின் சதுர அடி விலையைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுப்பது. கட்டடத் தொகையை உள்ளளவு பெருக்கல் கட்டுமான விலை என்றுதான் கணக்கிடுகிறார்கள்; அந்த விலை பொருத்துமானங்களையும் சேர்த்தது. இவனுக்கு 6 லட்சத்தை ஆயிரம் சதுர அடிக்குப் பங்கிட்டால் அடிக்கு 600. ஆக 2,400 ரூபாய் என்று எழுத வேண்டும். நிறுவனம் ஒப்புக்கொண்டு, கூடுதல் பிரீமியம் வாங்கி, பாலிசியோடு ஒரு திருத்தத் தாளைச் சேர்த்துத் தரும். அந்தத் தாள் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்தது.

வீட்டுப் பொருட்களுக்கு அதே நிறுவனத்தில் கட்டடத்தோடு சேர்த்தே எடுக்கலாம். அப்படி எடுத்தால் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் உச்சவரம்புக்குள், பட்டியல் எதுவும் கொடுக்காமலே பொதுவான பொருட்களுக்குக் காப்பு கிடைக்கும். நகை போன்றவை தனி. என் தங்கை மகன் இப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

வாடகை வீட்டில் தன் செலவில் கிச்சன் போட்டவர்கள், அடுக்ககத்தில் சங்கத்தின் பாலிசியை நம்பியிருப்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. யாருடைய பெயரில், எந்தப் பொருளுக்கு என்று பாலிசி அட்டவணையில் எழுதி வாங்கிக்கொள்வது தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

கட்டுரையில் அந்த ஒரு யோசனையைத் திருத்தி வெளியிட்டால் நல்லது. கடனோடு பாலிசி எடுத்த வாசகர்கள் வங்கியிலிருந்து அதன் நகலைக் கேட்டு வாங்கி, கட்டடம், வீட்டுப் பொருட்கள் என்ற இரண்டு கட்டங்களிலும் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர்,
மன்னார்குடி