ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலை முதலாளிகளுக்கும் அவர்களின் கணக்கர்களுக்கும்

வணக்கம்.

பழைய வட ஆற்காட்டில் டேனரிகளுக்குக் கணக்கும் திட்ட அறிக்கையும் தயாரித்துத் தருபவர்கள் நாங்கள். புது மெஷின் வாங்கலாமா என்று முடிவெடுக்கும் தாளில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவதால் இதை எழுதுகிறோம். கடனும் சொந்தப் பணமும் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் செலவாகிறது என்று காட்டும் எடையிட்ட சராசரி மூலதனச் செலவு, அதாவது WACC, என்ற இடத்தில்தான் அந்தத் தவறு இருக்கிறது. பேங்குக்குப் போகும் அறிக்கையில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. தவணையும் வட்டியும் ஒழுங்காக வருமா என்பதே பேங்கின் கவலை. உங்கள் சொந்தப் பணத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

```
WACC = (E/V) × Ke + (D/V) × Kd × (1 − t)
```

E சொந்த மூலதனம், D கடன், V இரண்டும் சேர்ந்தது. Ke சொந்த மூலதனம் எதிர்பார்க்கும் வருமானம், Kd கடன் வட்டி, t வரி விகிதம். வட்டியைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் (1 − t) கடனுக்கு மட்டும் வருகிறது. இதைத்தான் வரிக்கேடயம் என்கிறோம்.

ஒரு மாதிரிக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வட்டி கட்டும் கடன் 8 கோடி, வட்டி 10%. தோல் வியாபாரியிடம் வட்டியில்லாமல் நிற்கும் பாக்கியை இதில் சேர்க்கவில்லை. ஆண்டு முழுவதும் புரண்டுகொண்டே இருக்கும் பேக்கிங் கிரெடிட்டைச் சேர்த்திருக்கிறோம். பேலன்ஸ் ஷீட்டில் சொந்த மூலதனம் 4 கோடி. ஆனால் தொழிலை விலைபேச வருபவர் கடன் போகக் கையில் 12 கோடி தருவார். பல வருடங்களுக்கு முன் வாங்கிய நிலம் அன்றைய விலையிலேயே ஏட்டில் கிடக்கிறது, வெளிநாட்டு வாடிக்கையாளர்களோ ஏட்டிலேயே இல்லை. இடைவெளி அங்கேதான் வருகிறது.

2019-ல் வந்த 22% சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனி இது என்று கொள்வோம். 10% சர்சார்ஜும் 4% செஸ்ஸும் சேர்ந்தால் வரி 25.168%. அப்படியென்றால் வரிக்குப் பிந்தைய கடன் செலவு 10 × 0.74832, அதாவது 7.48%.

சொந்த மூலதனத்தின் செலவுக்கு ரசீது கிடையாது, அதனால் பலர் அதைப் பூஜ்யம் என்றே போட்டுவிடுகிறார்கள். பங்குச் சந்தைக்கு வராத கம்பெனிக்கு இப்படிக் கட்டலாம்: கடனே இல்லாத இதே தொழிலின் ஆபத்து சந்தையோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று சொல்லும் பீட்டா 1, அரசுப் பத்திர வருமானம் 6.75%, பங்குகளுக்கான கூடுதல் எதிர்பார்ப்பு 7.5% என்று வைப்போம். மூன்றும் எங்கள் அனுமானங்கள், உங்கள் கணக்கில் அன்றைய நிலவரத்தைப் போடுங்கள். கடனுக்கும் சொந்த மூலதனத்துக்கும் உள்ள விகிதம் 8/12. எனவே கடனோடு சேர்ந்த பீட்டா 1 + 0.748 × 0.667, ஏறக்குறைய 1.5. செலவு 6.75 + 1.5 × 7.5 = 18%.

இப்போது சராசரி. உண்மை மதிப்பின்படி சொந்த மூலதனம் 60%, கடன் 40%. 10.80 + 2.99 = 13.79%. ஏட்டு மதிப்பின்படி போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் சொந்தம், விடை 10.99%. கிட்டத்தட்ட 3 புள்ளி குறைகிறது, ஆனால் தொழிலில் எதுவும் மாறவில்லை.

“கடன் அதிகமானால் செலவு குறையத்தானே செய்யும்?” என்று கேட்பீர்கள். கடன் உண்மையிலேயே மூன்றில் இரண்டு பங்காக இருந்தால் பீட்டா ஏறக்குறைய 2.5 ஆகும், சொந்த மூலதனத்தின் செலவு 25.5 சதவீதத்துக்கு ஏறிவிடும். அதை வைத்துச் சராசரி எடுத்தால் 13.5%. அவ்வளவு கடனைத் தலையில் ஏற்றியும் மிச்சம் 0.3 புள்ளிதான். ஏட்டு மதிப்பை எடுப்பவர் கடன் விகிதத்தை மட்டும் உயர்த்திவிட்டு 18-ஐத் தொடாமல் விடுகிறார். மெஷினுக்கு பேங்க் 60% தருகிறது என்பதற்காக அந்த 60-ஐ எடையாகப் போடுவதும் இதே கோளாறுதான். அந்தக் கடன் மெஷினை மட்டும் நம்பி வரவில்லை, முழுத் தொழிற்சாலையின் அடமானத்தை நம்பி வருகிறது.

2 கோடி ரூபாய்க்கு ஒரு ஃபினிஷிங் மெஷின், ஆயுள் 8 ஆண்டு, கடைசியில் விற்றால் ஒன்றும் வராது. வரிக்கும் தேய்மானத்துக்கும் முன் ஆண்டுக்கு 45 லட்சம் தரும். தேய்மானம் 25 லட்சம். (வருமான வரிக்கு அது குறையும் மதிப்பில் 15% என்று போகும், இங்கே எளிமைக்காகச் சமமாகப் பிரித்தோம்.) மீதி 20 லட்சத்துக்கு வரி ஏறக்குறைய 5 லட்சம். கையில் 40 லட்சம். 10.99 சதவீதத்தில் இதன் இன்றைய மதிப்பு 205.9 லட்சம், வாங்கலாம் என்கிறது தாள். 13.79 சதவீதத்தில் 186.9 லட்சம். போட்ட பணத்தில் 13 லட்சம் குறைகிறது.

அடுத்த தவறு இன்னும் நுணுக்கமானது. மெஷினுக்கு 1.2 கோடி கடன், வட்டி 12 லட்சம் என்று கொள்ளுங்கள். கணக்கர் லாப நட்டக் கணக்கைப் பார்த்து வட்டி போக 8 லட்சத்துக்கு 2 லட்சம் வரி என்று எடுக்கிறார். பணவரவு 43 லட்சமாகிறது. கடன் குறையாமல் அப்படியே நின்றால் இன்றைய மதிப்பு 200.9 லட்சம், தேறாத மெஷின் தேறிவிடுகிறது! கூடுதலாக வந்த அந்த 3 லட்சம் வட்டியால் மிச்சமான வரி. அதை 10-ஐ 7.48 ஆக்கியபோதே ஒருமுறை எடுத்துக்கொண்டாயிற்று. கண்டுபிடிக்க எளிய வழி: பணவரவுத் தாளில் வட்டி என்ற சொல்லே எங்கும் இருக்கக் கூடாது. வரியைக் கடனே இல்லாதது போலக் கணக்கிட வேண்டும். கடனின் பலன் முழுவதும் விகிதத்துக்குள் இருக்கட்டும்.

ஆர்டர் சுருங்கி நட்டத்தில் ஓடும் ஆண்டுகளில் கேடயமே இல்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? வியாபார நட்டத்தை 8 ஆண்டு வரை முன்னெடுக்கலாம், ஆனால் லாபம் திரும்பும்வரை கடன் செலவை முழு 10% என்றே வையுங்கள். சராசரி 14.8% ஆகும்.

கூட்டாண்மையாக நடக்கும் டேனரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வரி 30 சதவீதமும் செஸ்ஸும், 31.2%. வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் 12% சர்சார்ஜும் சேரும். கம்பெனியின் 25.168-ஐ உங்கள் தாளில் ஒட்டாதீர்கள். பங்குதாரர் மூலதனத்துக்கு 12% வரை வட்டி கொடுத்துச் செலவாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது என்பதால், சிலர் அந்த மூலதனத்தையும் கடனோடு சேர்த்து 8.26% என்று போடுகிறார்கள். அந்த வட்டி பங்குதாரர் கையில் வியாபார வருமானமாக வரிக்கு உட்படும். ஒரு சட்டைப்பையிலிருந்து மறு சட்டைப்பைக்கு மாறியதற்கு மேல் பெரிய மிச்சம் எதுவும் இல்லை. நட்டம் வந்தால் முதலில் கரைவதும் அந்தப் பணம்தான், ஆகவே அதைச் சொந்த மூலதனத்தின் செலவிலேயே வையுங்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்புக்கான செலவை மட்டும் இந்த விகிதத்தால் ஏற்கவோ தள்ளவோ முடியாது. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது நம் விருப்பத்தில் இல்லை. இரண்டு சுத்திகரிப்பு முறைகளில் எது ஆயுள் முழுவதும் மலிவு என்று ஒப்பிடும்போது 13.79 அங்கேயும் உதவும்.

அடுத்த மெஷினுக்கான தாளை ஆடிட்டரிடம் கொடுக்கும் முன் E என்ற கட்டத்தில் இருப்பது ஏட்டு மதிப்பா, விலைபேசினால் வரும் மதிப்பா என்று கேளுங்கள். வரி வரிசையில் வட்டி கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
தோல் தொழில் கணக்குப் பணியிலிருப்போர் சிலர்,
வேலூர்