இரவு பத்து முதல் காலை ஆறு வரை: வீட்டு உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் ஓடும் மாவு கிரைண்டர் பற்றி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் பதில் வராததால், இதன் நகலை மற்றக் குடித்தனக்காரர்களும் படிக்கும்படி கீழே படிக்கட்டருகே ஒட்டியிருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

விவரம் தாங்கள் அறிந்ததே. மேல் வீட்டார் கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார்கள். பெரிய டில்டிங் கிரைண்டர் அதிகாலை 3.40 மணிக்கு ஓடத் தொடங்குகிறது. முதலில் உளுந்து, அதன்பின் இரண்டு ஈடு அரிசி. உளுந்து ஓடும்போது முனகல் மட்டும்தான். அரிசியைப் போட்டதும் இரைச்சலாகி, ஆறு மணிக்குச் சற்று முன்புதான் அடங்குகிறது. ஜூலை மாதத்தில் 24 நாட்கள் இப்படி நடந்ததைத் தேதியும் நேரமுமாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னீர்கள். சன்னல் வழியாக வருகிற சத்தமாக இருந்தால் சாத்தியிருப்போம். கிரைண்டரின் இரும்புக் கால்கள் வெறும் தரையில் நிற்பதால் அதிர்வு கான்கிரீட் தளத்தில் இறங்கி, எங்கள் கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சத்தமாக வெளிப்படுகிறது. அலமாரியில் வைத்த சொம்புத் தண்ணீரில் அந்நேரம் வளையம் வளையமாக அலை எழுவதை நீங்களே வந்து பார்க்கலாம்.

மேல் வீட்டார் கெட்டவர்கள் அல்லர். நான் கேட்டதும், ஒரு நண்பகலில் கிரைண்டரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, கால்களுக்கடியில் தடித்த ரப்பர் துண்டுகளைப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். பாத்திரங்களின் கடகடப்பு நின்றது, ரீங்காரம் நிற்கவில்லை. பகலில் அது பொறுக்கக்கூடியதுதான். ஊரே அடங்கிய அதிகாலையில் அப்படி அல்ல. ஆகவே ரப்பர் மட்டும் தீர்வாகாது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இயந்திரம் ஓடக் கூடாது என்பதே என் கோரிக்கை.

இப்போது இதை எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன். என் தந்தைக்கு வயது 78, மறதி நோய். இந்தக் கோயமுத்தூரில் 31 ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். மேலே இயந்திரம் ஓடத் தொடங்கினால், மில்லில் சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறார். இருட்டில் சட்டையைத் தேடுகிறார், டிபன் பாக்ஸ் எங்கே என்று பல ஆண்டுகளுக்கு முன் காலமான என் தாயைக் கூப்பிடுகிறார். கடந்த செவ்வாய்க்கிழமை, நான் விழிப்பதற்குள் கதவைத் திறந்து படி இறங்கிவிட்டார். வெளி கேட் பூட்டியிருந்ததால் அங்கேயே நின்றுகொண்டு, வாட்ச்மேன் உள்ளே விட மறுக்கிறான் என்று அழுதார். அன்றிலிருந்து இரவில் எங்கள் கதவை உள்ளே பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு என்பது பத்து முதல் ஆறு வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்நேர அளவு 45 டெசிபல். அதை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் செய்யலாம். என் கைப்பேசி எங்கள் அறைக்குள் 57 காட்டுகிறது. கைப்பேசி அளவு சான்றாகாது என்பதும், அந்த வரம்பு அறைக்குள்ளே அளப்பதற்கானது அல்ல என்பதும் தெரியும். அதனால்தான் புகாருக்குப் போகாமல் முதலில் உங்களிடம் வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்திலும், பிறருக்குத் தொல்லையாகும் பயன்பாட்டை நிறுத்தும்படி உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்த பிறகும் அது தொடர்ந்தால்தான் மேல் நடவடிக்கைக்கு வழி உண்டு. அந்த அறிவிப்பை நான் கொடுக்க முடியாது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டினால் ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு உங்கள் அழைப்பு வந்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி கழுவவும் படிக்கட்டு விளக்கு மாற்றவும் ஆளில்லை, ஆண்டுதோறும் ஐந்து சதவீதம் ஏற்ற மட்டும் ஆள் இருக்கிறது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் என்பதற்காக, அதன் பெருமையை அதிகாலையில் தலைக்கு மேல்தான் கேட்க வேண்டுமா? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

மேல் வீட்டாரை வெளியேற்றச் சொல்லவில்லை. பின்புறம் பூட்டிக் கிடக்கும் உங்கள் தகரக் கொட்டகையில் கிரைண்டரை வைக்க இடம் கொடுத்தால் அதிர்வு எந்த வீட்டுத் தளத்திலும் இறங்காது. அங்கும் காலை ஆறு மணிக்குப் பிறகே ஓட்ட வேண்டும். முதல் ஈட்டை முந்தைய நாள் மாலையிலேயே அரைத்துவிடத் தங்களுக்குச் சம்மதம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு காலை தாங்கள் ஒருமுறை வந்து, இரு வீட்டாரையும் வைத்துப் பேசி, இரவு பத்து முதல் காலை ஆறு வரை இயந்திரம் ஓடாது என்பதை எழுத்தில் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கொட்டகையின் சாவியையும் கையோடு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
முதல் மாடிக் குடித்தனக்காரன்