இரவில் "எக்ஸாம்" என்று மட்டும் வந்தால்

அனைவருக்கும் வணக்கம். நம் கடலூர் பிளஸ் டூ பிள்ளைகள் சிலர் இரவு 11 மணிக்கு மேல் நமக்கு "எக்ஸாம்" என்று மட்டும் மெசேஜ் அனுப்புகிறார்கள். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான் உதவும். திங்கள் இரவு முதல் இப்படிச் செய்வோம்:

1. முதல் பதில் இவ்வளவுதான்: "இருக்கேன்பா. எந்தப் பாடம்? நாளைக்கா, அப்புறமா?" அறிவுரை வேண்டாம்.

2. "பிசிக்ஸ், நாளைக்கு" என்று வந்தால் மணியைப் பாருங்கள். 11:30 என்றால் 12:15 வரைதான் வேலை. பொதுத்தேர்வின் 70 மதிப்பெண் தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். பாதி தெரிந்த ஒரு பாடத்தைக் கேட்டு, அதன் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பாடம் தொடங்கினால் பயம்தான் கூடும். பிறகு தூங்கட்டும்.

3. தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தால் இரவில் பாடமே வேண்டாம். மறுநாள் மாலை பேச நேரம் குறியுங்கள்.

4. "முடியல", "இருக்கவே பிடிக்கல" என்று வந்தால் பாடத்தை விட்டுவிடுங்கள். உடனே போனில் பேசுங்கள், பெற்றோரை எழுப்புங்கள். டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

எந்த இரவு உங்களால் முடியும் என்று ஞாயிறு மாலை 6 மணிக்குள் இங்கே எழுதுங்கள்.