லீவுக் கடிதத்தில் எழுதவேண்டியது

யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்க நீ பொருந்தியிருக்கிறாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் டயலிசிஸுக்கு அலையும் பாடு அவவுக்கு இனிக் குறையட்டும்.

நீ அனுப்பிய லீவுக் கடிதத்தைச் சுருக்கு. அக்காவுக்கு வருத்தம் வந்த கதை முகாமையாளருக்குத் தேவையில்லை. அது அவவின் சொந்த விசயம். எப்போது போகிறாய், எப்போது திரும்புகிறாய், உன் வேலையை யார் பார்ப்பது என்பதுதான் அவருக்கு வேண்டும்.

நீ கேட்டிருக்கிற இரண்டு கிழமை லீவு போதாது. துளைவழிச் சத்திரசிகிச்சை என்றால் சில நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். ஆனால் மேசை வேலைக்குத் திரும்பவே 4 தொடக்கம் 6 கிழமை ஆகும். வயிற்றைத் திறந்து செய்தால் இன்னும் கூட. உனக்கோ களஞ்சிய வேலை. வெட்டிய இடத்தில் உள்தசை பொருந்தமுன் பாரம் தூக்கினால் குடலிறக்கம் வரக்கூடும். அதனால் ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேல் 6 கிழமைக்குத் தூக்கவிடமாட்டார்கள். திரும்பிய பிறகும் கொஞ்சக்காலம் இலேசான வேலை கேள்.

திகதியை முடிந்த முடிவாக எழுதாதே. அக்காவுக்குக் காய்ச்சலோ கிருமித்தொற்றோ வந்தாலும், கடைசி இரத்தப் பொருத்தப் பரிசோதனை பிழைத்தாலும் தள்ளிவைப்பார்கள். பிறகு லீவு வீணாய்ப் போகும்.

கடை, காரியாலயச் சட்டப்படி வருட லீவு 14 நாளும் கசுவல் 7 நாளுந்தான் உண்டு. அதற்குள் இது அடங்காது. மீதியை எந்தக் கணக்கில் வைப்பது என்று நீயே எழுதிக் கேள். தானம் கொடுப்பவர் நோயாளி இல்லையே என்று அலுவலகத்தில் மருத்துவ லீவை மறுக்கக்கூடும். விசேட வைத்தியரின் கடிதத்தில் சத்திரசிகிச்சையும் ஓய்வுக்காலமும் தெளிவாக இருந்தால் அந்தக் கேள்வி எழாது.

இப்படி எழுதலாம். திகதிகளை உன்னுடையதற்கு மாற்று.

“மதிப்புக்குரிய ஐயா,

சிறுநீரகத் தானத்துக்கான விடுமுறை கோரல்

எனது சகோதரிக்குச் சிறுநீரகம் தானம் செய்ய வைத்தியர்கள் என்னைத் தெரிவுசெய்துள்ளனர். கண்டி தேசிய வைத்தியசாலையில் ஒக்ரோபர் 6 அளவில் சத்திரசிகிச்சை நடைபெறவுள்ளது. ஒக்ரோபர் 4 முதல் நவம்பர் 17 வரை விடுமுறை தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவக் காரணங்களால் திகதி மாறினால் உடன் அறியத்தருவேன். விடுமுறையையும் அதற்கேற்ப மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். எஞ்சியுள்ள வருட விடுமுறையை முதலில் கழித்து, மீதியை மருத்துவ விடுமுறையாகவோ சம்பளமற்ற விடுமுறையாகவோ கருதவும். திரும்பிய பின் வைத்தியர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்காத வேலை தந்துதவவும். எனது பொறுப்புகளைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துச் செல்வேன். வைத்தியரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.”

சக ஊழியரின் பெயரை அவரைக் கேட்டுவிட்டு எழுது. ஒரு பிரதியில் கிடைத்ததென்று ஒப்பமும் திகதியும் வாங்கி வை. தானத்துக்குப் பிறகும் கிளினிக்குக்குப் போகவேண்டி வரும். அந்த நாட்களுக்குக் கசுவலில் இரண்டொன்றை மிச்சம் பிடி.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்