கார் வாங்குவது பற்றி தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கார் வாங்க யோசிக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். வாங்குங்கள். ஆனால் ஷோரூமில் கடன் போட்டுப் புது வண்டி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இன்னமும் ஒரே பைக்கில் டேங்க் மேல் அவன், நடுவில் அவள், பின்னால் ஒருபக்கமாக நீ என்று போகிறீர்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் அவன் நெஞ்சு நேராக ஹேண்டில்பாரில்தான் போய் இடிக்கும். சட்டப்படியும் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். மீறினால் ₹1,000 அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் செல்லாது. மாப்பிள்ளை வேலைக்குப் போவதே பைக்கில்தான். கார் வரும்வரை நாலு பேரும் சேர்ந்து கிளம்பும்போது பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள்.

இனி பணம். கார் வந்துவிட்டால் பைக் செலவு மிச்சம் என்று மாப்பிள்ளை நினைக்கிறார் போலிருக்கிறது. அப்படி நடக்காது. அருப்புக்கோட்டை பஜாருக்குள் காரை எங்கே நிறுத்துவீர்கள்? பால், மருந்து, பள்ளிக்கூடம், வேலை எல்லாம் பைக்கில்தான் ஓடும். காருக்கு மிஞ்சுவது மாதம் இரண்டு தடவை மதுரைக்கு எங்களைப் பார்க்க வருவது, ஒரு கல்யாணம் காட்சி, ஆஸ்பத்திரி. தாராளமாகவே போட்டாலும் 300 கிலோமீட்டர்.

நாலரை லட்சம் ஷோரூம் விலை உள்ள சின்னக் கார் ஒன்றை எடுத்துக்கொள். நம் மாநிலத்தில் அந்த விலைக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம், அதுவே ₹54,000. இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது ஐந்தேகால் லட்சத்தை ஒட்டி நிற்கும். அதில் நாலு லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ₹8,400. வட்டி மட்டும் லட்சத்தைத் தாண்டும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோல் ₹1,700. இன்சூரன்ஸ், சர்வீஸுக்கு மாதம் ₹2,000 எடுத்து வைக்க வேண்டும். ஆக மொத்தம் பன்னிரண்டாயிரம். 300 கிலோமீட்டருக்கு என்றால் கிலோமீட்டர் நாற்பது ரூபாய். வாடகைக் கார்கூட இவ்வளவு ஆகாது. ஐந்து வருடம் கழித்து வண்டி கையில் இருக்கும், வாஸ்தவம். ஆனால் அதுவரை பிள்ளைகளின் ஃபீஸ் கட்டும் மாதத்திலெல்லாம் தவணையும் வந்து நிற்கும்.

உங்கள் சேமிப்பில் இரண்டரை லட்சம் இருக்கிறது என்றாய். அதற்குள் ஐந்தாறு வருடம் ஓடிய, ஒரே கை வண்டியாகப் பாருங்கள். தவணை இல்லை. பழைய வண்டிக்குப் பராமரிப்பு கொஞ்சம் கூடும், அதையும் சேர்த்து மாதம் நாலாயிரம் சொச்சத்தில் முடியும். கையில் இருப்பது முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதே. வாங்கிய கையோடு டயர், பேட்டரி என்று ஏதாவது மாற்ற வேண்டி வரும், அதற்கு முப்பதாயிரமாவது ஒதுக்கி வை.

பழைய வண்டியில் ஏமாறுவது பெரும்பாலும் கிலோமீட்டர் முள்ளை நம்பித்தான். அதைத் திருப்பி வைப்பது சுலபம். சர்வீஸ் சென்டரில் பழைய பில்களை வாங்கிப் பார், ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். 2320 என்றால் 2020-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். வண்டி 2020 மாடல், ஓடியது இருபதாயிரம்தான் என்கிறார்கள், ஆனால் நாலு டயரும் 2023-இல் செய்தது என்றால் காரணம் கேட்க வேண்டும். டிக்கியில் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பார். தகடு நெளிந்திருந்தாலோ, அங்கே மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ பின்பக்கம் அடி வாங்கிய வண்டி. ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடு. கடன் பாக்கி என்று பதிவு இருந்தால் அதை நீக்கிய பிறகுதான் பணம். ஆர்.சி. பேர் மாற்றத்தோடு, 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் பெல்ட் சரியாக இழுத்துப் பூட்டுகிறதா என்று நீயே போட்டுப் பார். சின்னவனுக்கு பூஸ்டர் சீட் ஒன்று வாங்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பெல்ட் அவன் கழுத்தில் ஏறும்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போகலாம், நானும் வருகிறேன். நாம் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பானெட்டைத் தொட்டால் சூடாக இருந்ததென்றால், இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆறிய இன்ஜினை முதல் தடவை கிளப்பும்போது வரும் நீலப் புகையையும் தட்டும் சத்தத்தையும் நான் என் கண்ணாலும் காதாலும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா